சிஓபி ரத்தான பார்ட்னரைப் பற்றி இன்ஸ்டிட்யூட்டுக்கு எழுத வேண்டுமா?

கேள்வி: "சின்ன சிஏ ஆபீசில் மூன்று பார்ட்னர்களில் நான் இளையவன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனியர் பார்ட்னரின் சிஓபி ரத்தாகியிருப்பதைத் தற்செயலாகப் பார்த்தேன். அவர் இன்னும் கையெழுத்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இன்ஸ்டிட்யூட்டுக்கு எழுத வேண்டுமா? எழுதாமல் விட்டால் எனக்குச் சிக்கல் வருமா?"

முதலில் ஒன்று சொல்லுங்கள். சிஓபி, அதாவது பிராக்டீஸ் செய்ய இன்ஸ்டிட்யூட் தரும் சான்றிதழ், ரத்தானது என்றைக்கு, எதனால் என்று பார்த்தீர்களா? அவர் யார், நீங்கள் யார், நன்றி, துரோகம் என்பதையெல்லாம் நினைத்து ராத்திரி தூக்கம் வராமல் கிடப்பதற்கு முன்னால் இந்த இரண்டு விவரமும் கையில் இருக்க வேண்டும், ஏனென்றால் "ரத்து" என்ற ஒரே வார்த்தைக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல விஷயங்கள் இருக்கின்றன. நான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பிராக்டீசில் இருக்கிறேன், கொங்குப் பக்கத்து ஊர் ஒன்றில். இதே நிலையில் நானும் ஒருமுறை நின்றிருக்கிறேன், அதைக் கீழே சொல்கிறேன். உங்கள் ஆபீஸ் காகிதங்களை நான் பார்க்கவில்லை, அதனால் உங்கள் விஷயத்தில் தீர்ப்பு மாதிரி எதுவும் சொல்ல முடியாது. எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லலாம்.

சிஓபி ரத்தாவதற்கு மிகச் சாதாரணமான காரணம் ஃபீஸ் கட்டாதது. 1949-ம் வருஷச் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்ஸ் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி சிஓபி இல்லாமல் யாரும் பிராக்டீஸ் செய்யக் கூடாது, அதற்கான வருடக் கட்டணத்தை ஏப்ரல் 1-ம் தேதி கட்ட வேண்டும், செப்டம்பர் 30 வரை கட்டாமல் விட்டால் 1988 ஒழுங்குமுறைகளின் 10-வது விதியின் கீழ் ரத்தாகும். தொகை சில ஆயிரம்தான். மெயில் பழைய ஐடிக்குப் போயிருக்கும், ஆபீஸ் பையன் கட்டிவிட்டான் என்று நினைத்திருப்பார், மூன்று பார்ட்னருக்கும் சேர்த்து ஒருவர் கட்டுகிற பழக்கத்தில் ஒரு பெயர் விட்டுப்போயிருக்கும். நல்ல, ஒழுங்கான ஆட்களுக்கே இது நடக்கும். இரண்டாவது, அவரே பிராக்டீசை விட்டுவிட்டு முழுநேர வேலைக்குப் போனதால் ரத்தானது. அப்படிப் போனவர் பழைய ஆபீசில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தால் அதை மறதி என்று சொல்ல முடியாது. மூன்றாவது, ஒழுங்கு நடவடிக்கையில் உறுப்பினர் பதிவேட்டிலிருந்தே பெயர் நீக்கப்பட்டு, அதோடு சிஓபியும் போனது. பொய்த் தகவல் கொடுத்து வாங்கியது என்று தெரிந்து ரத்தானதும் உண்டு, ஆனால் அது அபூர்வம்.

இதில் முதல் வகைக்கு மட்டும் சட்டத்திலேயே திரும்பும் வழி இருக்கிறது. ஃபீஸ் கட்டாததால் ரத்தாகியிருந்தால், அதே நிதியாண்டு முடிவதற்குள், அதாவது மார்ச் 31-க்குள், படிவம் 9-ஐ முழுமையாக நிரப்பிக் கட்டணத்தோடு கொடுத்தால், 11-வது விதிப்படி ரத்தான தேதியிலிருந்தே சிஓபியைத் திருப்பித் தர கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. நடுவில் இடைவெளியே இல்லாத மாதிரி ஆகிவிடும். மார்ச் 31 தாண்டினால் இந்த வழி கிடையாது, இடைவெளி இடைவெளியாகவே நிற்கும். அதனால்தான் தேதியைக் கேட்டேன். அக்டோபரில் ரத்தானதை ஜனவரியில் கண்டுபிடித்தவருக்கும் மே மாதத்தில் கண்டுபிடித்தவருக்கும் முன்னால் இருப்பது வேறு வேறு பிரச்சினை.

ஒழுங்கு நடவடிக்கையில் பெயர் நீங்கியிருந்தால் இந்தப் பதிலின் மீதியை நீங்கள் படிக்கவே தேவையில்லை. அந்தக் காலம் முடியும் வரை அவர் கையெழுத்தில் எதுவும் வெளியே போகக் கூடாது. அப்படி ஏற்கனவே போயிருந்தால் இன்றைக்கே இன்னொரு பார்ட்னரோடு சேர்ந்து ஒரு வக்கீலைப் பாருங்கள். அதில் அவகாசம் கொடுக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

இப்போது என் கதை. என் விஷயத்தில் அவர் எனக்கு ஆறு வருஷம் மூத்தவர். நான் ஆர்ட்டிகிள் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அதே ஆபீசில் கடைசி வருஷ ஆர்ட்டிகிளாக இருந்தார். வவுச்சர் கட்டைப் பிரிக்காமலேயே ஓரத்தை விரலால் ஓட்டி, எந்தப் பக்கத்தில் தாளின் நிறம் மாறுகிறது, எந்த இடத்தில் பின் குத்தின ஓட்டை இரண்டு தடவை விழுந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பிற்பாடு இருவரும் பார்ட்னர்கள் ஆனோம், இன்னொரு இளைஞரையும் சேர்த்துக்கொண்டோம். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் போட்ட கையெழுத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஒரு ஜனவரி மாதம், டெண்டருக்காக ஒரு கிளையன்ட் டர்னோவர் சான்றிதழின் நகல் கேட்டார். அண்ணா ஊரில் இல்லாததால் ஃபைலை நான் எடுத்தேன். ஸ்கேன் போடுவதற்கு முன்னால் யூடிஐஎன் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தபோதுதான் கண் நின்றது. சிஏ அல்லாதவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்: நாங்கள் கையெழுத்திடும் சான்றிதழ்களுக்கு 2019 பிப்ரவரி 1 முதலும், டாக்ஸ் ஆடிட்டுக்கு அதே வருஷம் ஏப்ரல் 1 முதலும், மற்ற ஆடிட் ரிப்போர்ட்டுகளுக்கு ஜூலை 1 முதலும் இந்தப் பதினெட்டு இலக்க எண் கட்டாயம். அது இந்த மாதிரி இருக்கும்:

```
19000000ABCDEF1234
```

முதல் இரண்டு இலக்கம் வருஷம். அடுத்த ஆறு, கையெழுத்துப் போட்டவரின் உறுப்பினர் எண் (இங்கே வெறும் பூஜ்யம் போட்டிருக்கிறேன்). மீதிப் பத்தும் போர்ட்டல் தானாகக் கொடுப்பது. அண்ணாவின் ஆறு இலக்க எண் எனக்கு மனப்பாடம், இருபது வருஷமாக எத்தனை ரிப்போர்ட்டின் கீழே அதை டைப் அடித்திருப்பேன். கையெழுத்துக்குக் கீழே அந்த எண்தான் இருந்தது. ஆனால் அதற்கும் கீழே இருந்த யூடிஐஎன்னின் நடுவில் இருந்தது எங்கள் இளைய பார்ட்னரின் எண்.

யாரோ மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். udin.icai.org-ல் போட்டுப் பார்த்தேன், எண் உண்மையானது, இளைய பார்ட்னர் பெயரில் உருவானது. அப்புறம் அண்ணாவின் உறுப்பினர் எண்ணை இன்ஸ்டிட்யூட் தளத்தில் தேடினேன். பெயர் இருந்தது, எஃப்சிஏ இருந்தது, சிஓபி இல்லை. அந்த நிமிஷம் எனக்கு வயிற்றைப் பிசைந்ததை இப்போது நினைத்தாலும் ஞாபகம் இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி அக்டோபர் முதல் வெளியே போன எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பினேன். அவர் கையெழுத்தில் பதினொரு சான்றிதழ்கள். எட்டில் இளைய பார்ட்னரின் எண்ணுள்ள யூடிஐஎன். மூன்றில் யூடிஐஎன்னே இல்லை, அவை பையன்களின் விசாவுக்காகக் கொடுத்த நெட்வொர்த் சான்றிதழ்கள், வாங்கினவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள். டாக்ஸ் ஆடிட்டுகளை இளைய பார்ட்னரே வேலை பார்த்துத் தன் லாகினிலும் தன் டிஜிட்டல் கையெழுத்திலும் போட்டிருந்தார், அவற்றில் கோளாறு இல்லை. கம்பெனி ஆடிட் ரிப்போர்ட் ஒன்றும் அந்தக் கட்டில் இல்லை. இருந்திருந்தால் விஷயம் வேறு தளத்துக்குப் போயிருக்கும். 2013 கம்பெனிச் சட்டத்தின் 2(17) பிரிவில் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் என்பதற்கான விளக்கமே செல்லுபடியாகும் சிஓபி வைத்திருப்பவர் என்றுதான் இருக்கிறது. 141-வது பிரிவின்படி ஆடிட்டராக இருக்கவும் அதுதான் அடிப்படை. ஃபர்ம் பெயரில் நியமனம் இருந்தால் தகுதியுள்ள இன்னொரு பார்ட்னர் கையெழுத்திடலாம். தனி ஆளாக நியமனம் பெற்றவர் என்றால் அந்த வழியும் இல்லை. இடைவெளியில் கையெழுத்தான ஒரு ஆடிட் ரிப்போர்ட், பொதுக்குழுவும் அதை ஏற்றுக்கொண்ட பிறகு, என்ன ஆகும் என்பது வக்கீல்களே இரண்டு பக்கமும் வாதாடக்கூடிய கேள்வி. உங்கள் ஆபீசில் அப்படி ஒரு ரிப்போர்ட் இருந்தால் கம்பெனிச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள், நண்பர்களிடம் போனில் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

மறுநாள் காலையில் முதலில் இளைய பார்ட்னரைத்தான் கேட்டேன். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. யூடிஐஎன் எடுக்கும்போது நம் மொபைலுக்கும் மெயிலுக்கும் ஓடிபி வரும். அக்டோபரில் ஒருநாள் அண்ணா போன் செய்து, "தம்பி, என் லாகின் திறக்க மாட்டேங்குது, அவசரம், உன்னோடதுல ஒண்ணு எடுத்துக்கறேன், நம்பர் சொல்லு" என்றிருக்கிறார். சொன்னார். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. லாகின் ஏன் திறக்கவில்லை என்று இவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும், சிஓபி உயிரோடு இல்லாதவருக்குப் போர்ட்டல் யூடிஐஎன் கொடுக்காது.

சாயந்தரம் அண்ணாவின் வீட்டுக்குப் போனேன். ஆபீசில் வைத்துப் பேசவில்லை. அந்த வருஷம் முழுக்க அண்ணிக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது, வாரம் மூன்று நாள் அவர் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார், ஃபீஸ் கட்டவில்லை என்பதே செப்டம்பர் தாண்டின பிறகுதான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதை அவர் சொன்னபோது நான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் நான் கேட்டது வேறு. "அண்ணா, தெரிஞ்ச அன்னைக்கே ஏன் படிவம் போடல?" வெகுநேரம் பேசவில்லை. பிறகு, விண்ணப்பம் போட்டால் பெயர் வெளியே தெரியும், அது முடிவதற்குள் வந்து நிற்கும் கிளையன்ட்டுக்கு என்ன சொல்வது, எப்படியும் இரண்டு வாரத்தில் போட்டுவிடலாம் என்று நினைத்தேன் என்றார். இரண்டு வாரம் நான்கு மாதமாகியிருந்தது.

நீங்கள் முடிவு எடுக்க வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். ரத்தான தேதி ஒன்று, ரத்தானது அவருக்குத் தெரிந்த தேதி இன்னொன்று. முதல் தேதிக்கும் இரண்டாவது தேதிக்கும் நடுவில் போட்ட கையெழுத்துகள் கவனக்குறைவு. இரண்டாவது தேதிக்குப் பின்னால் போட்டவை தெரிந்து செய்தவை. கவனக்குறைவைத் திருத்தலாம், அதற்குத்தான் 11-வது விதி. தெரிந்து செய்ததை ஃபீஸ் ரசீது சரி செய்யாது. எங்கள் பதினொன்றும் இரண்டாவது தேதிக்குப் பின்னால் போட்டவைதான், ஏனென்றால் இன்னொருவருடைய ஓடிபியைக் கேட்டு வாங்கினவருக்குத் தன்னுடையது ஏன் வேலை செய்யவில்லை என்பது தெரியும். உங்கள் சீனியர் விஷயத்தில் இரண்டாவது தேதியைக் கண்டுபிடிக்க யூடிஐஎன்தான் உதவும். ரத்துக்குப் பிறகான காகிதங்களில் யூடிஐஎன் யாருடைய எண்ணில் இருக்கிறது, அல்லது இல்லவே இல்லையா என்று பாருங்கள். அவர் எண்ணிலேயே புதிய யூடிஐஎன்கள் இருந்தால், நீங்கள் பார்த்த தகவல் பழையதாக இருக்கலாம், சிஓபி திரும்ப வந்திருக்கலாம். அப்போது நேராக ரசீதைக் கேட்டால் போதும், ஒரு நல்ல மனிதரைச் சந்தேகப்பட்ட பாவம் உங்களுக்கு வேண்டாம்.

இனி சட்டப்படி நீங்கள் எழுதியே ஆக வேண்டுமா என்ற கேள்வி. இங்கிலாந்தின் சிஏ அமைப்பான ஐசிஏஇடபிள்யூவின் உறுப்பினர்களுக்கு, சக உறுப்பினர் ஒருவரின் தவறு தெரிய வந்தால் சொல்ல வேண்டிய கடமை அவர்களுடைய துணைவிதிகளிலேயே இருக்கிறது. நம் சட்டத்தின் இரண்டு அட்டவணைகளிலும் அப்படி வெளிப்படையான உட்பிரிவு கிடையாது, சக உறுப்பினரைப் பற்றி எழுதவில்லை என்பது மட்டுமே உங்கள் பெயரில் குற்றமாக நிற்காது. ஆனால் இதைக் கேட்டு நிம்மதியாக மூச்சு விட்டுவிடாதீர்கள். முதல் அட்டவணை, முதல் பகுதி, 12-வது உட்பிரிவைப் படியுங்கள். பிராக்டீசில் இல்லாத ஒருவர் தன் சார்பிலோ தன் ஃபர்ம் சார்பிலோ பேலன்ஸ் ஷீட், ரிப்போர்ட் போன்றவற்றில் கையெழுத்திட அனுமதிப்பதே தொழில் ஒழுக்கக்கேடு என்கிறது. அனுமதிப்பது என்பதில்தான் நீங்கள் வருகிறீர்கள். தெரியாமல் இருந்தவரை நீங்கள் அனுமதித்ததாகச் சொல்வது கஷ்டம். இப்போது தெரிந்துவிட்டது. நாளைக்கு ஃபர்ம் லெட்டர்ஹெட்டில் அவர் போடுகிற ஒவ்வொரு கையெழுத்தும் உங்களுக்குத் தெரிந்து போன கையெழுத்து. எழுதுவதா வேண்டாமா என்று யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம், அந்த வாரத்தில் ஒரு காகிதம்கூட அவர் கையில் வெளியே போகக் கூடாது.

நான் அன்றைக்கு ராத்திரி அண்ணாவிடம் கேட்டது மூன்று விஷயம். சீலையும் லெட்டர்ஹெட்டையும் என்னிடம் கொடுத்துவிட வேண்டும், மறுநாளே படிவம் 9 போட வேண்டும், பதினொரு கிளையன்ட்டுகளுக்கும் ஃபர்ம் பெயரில் கடிதம் போக வேண்டும். முதல் இரண்டுக்குத் தலையாட்டினார். மூன்றாவதுக்கு மாட்டேன் என்றார், சிஓபிதான் ரத்தான தேதியிலிருந்தே திரும்ப வரப்போகிறதே, எதற்கு ஊரெல்லாம் சொல்ல வேண்டும் என்று. அந்த வாதத்தில் எனக்குமே கொஞ்சம் ஆசை வந்தது, மறைக்கவில்லை. சிஓபி வந்துவிட்டால் பதிவேட்டில் இடைவெளி இருக்காது என்பது உண்மை. ஆனால் அந்த டர்னோவர் சான்றிதழை டெண்டர் கொடுத்த அலுவலகத்தில் ஒருவர் சரிபார்த்தால், கையெழுத்து ஒருவருடையது, போர்ட்டல் காட்டும் பெயர் இன்னொருவருடையது. அதனால் நிராகரிக்கப்படப் போவது எங்கள் கிளையன்ட்டின் டெண்டர், கேள்விக்குப் பதில் சொல்லப்போவது ஓடிபி சொன்ன இளைய பார்ட்னர். மூன்று வருஷம் முன்னால்தான் அவருக்குக் கல்யாணமாகி, சொந்தமாக ஒரு வீட்டுக்கு இஎம்ஐ கட்டிக்கொண்டிருந்தவர். இதைச் சொன்னதும்தான் அண்ணா ஒத்துக்கொண்டார். தனக்காக அவர் இறங்கியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

பிறகு நடந்ததெல்லாம் நீளமான, சலிப்பான வேலை. பதினொன்றுக்கும் அடிப்படைக் கணக்குகளை நான் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன், பழைய ஒர்க்கிங் பேப்பரை வைத்துக் கையெழுத்து மட்டும் மாற்றவில்லை. அப்படிச் செய்திருந்தால், நான் பார்க்காததற்கு நான் சான்று சொல்கிற இன்னொரு தப்பாகியிருக்கும். ஒன்பது சரியாக இருந்தன. ஒரு நெட்வொர்த்தில் நகை மதிப்புக்கு ஆதாரமே ஃபைலில் இல்லை, மதிப்பீட்டாளர் சான்று வாங்கச் சொன்னேன். இன்னொன்றில் கிளையன்ட்டே தொழிலை மூடிவிட்டதால் சான்றிதழே வேண்டாம் என்றார். இளைய பார்ட்னர் தன் பெயரில் இருந்த எட்டு யூடிஐஎன்களையும் போர்ட்டலில் காரணம் எழுதி ரத்து செய்தார், நான் என் எண்ணில் புதிதாக எடுத்தேன். சான்றிதழ் எங்கெல்லாம் போயிருந்ததோ, அந்த வங்கிக் கிளை, டெண்டர் அலுவலகம், எல்லா இடத்துக்கும் "முன்பு கொடுத்ததைப் பயன்படுத்த வேண்டாம், இது அதற்குப் பதில்" என்று கிளையன்ட் மூலமாகவே போனது. கிளையன்ட்டைத் தாண்டி நேராக நாம் எழுதக் கூடாது, அவர்கள் விஷயத்தை அவர்கள் சம்மதமில்லாமல் மூன்றாவது ஆளிடம் சொல்வது இரண்டாவது அட்டவணை, முதல் பகுதியின் முதல் உட்பிரிவிலேயே தப்பு என்று இருக்கிறது. இரண்டு கிளையன்ட்டுகள் எங்களை விட்டுப் போனார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

சிஓபி மார்ச்சுக்குள் திரும்ப வந்தது. அதன் பிறகு இன்ஸ்டிட்யூட்டுக்கு நாங்களே எழுதினோம். புகார் என்ற வடிவத்தில் போகவில்லை. நடந்தது இது, இந்தத் தேதியில் தெரிந்தது, இவற்றைத் திருப்பி வாங்கினோம் என்று மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட கடிதம். அண்ணா முதல் கையெழுத்தைத் தானே போட்டார். விளக்கம் கேட்டார்கள், கொடுத்தோம். அதற்கு மேல் அந்தக் கோப்பைப் பற்றி இங்கே எழுதுவது முறையில்லை. அவர் சம்மதித்திருக்காவிட்டால் நான் தனியாக எழுதியிருப்பேனா என்று கேட்டால், எழுதியிருப்பேன், ஆனால் எட்டு யூடிஐஎன்னுக்காகத்தான், ஃபீஸ் கட்டாததற்காக இல்லை. ஃபீஸ் மட்டும்தான் பிரச்சினையாக இருந்து, தெரிந்த அன்றே கையெழுத்தை நிறுத்திப் படிவம் போட்டிருந்தால், ஆபீஸ் மினிட்ஸில் ஒரு பத்தியோடு முடித்திருப்பேன். இதில் என்னோடு ஒத்துப்போகாத நல்ல ஆடிட்டர்கள் உண்டு, ரத்துக்குப் பிறகு ஒரு கையெழுத்து வெளியே போனாலே எழுதத்தான் வேண்டும் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

உங்கள் சீனியர் பேசவே மறுத்தால், அல்லது சரி சரி என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து கையெழுத்துப் போட்டால், புகார் வழி திறந்தே இருக்கிறது. படிவம் 1-ல், பெயரோடு, ஒழுங்கு இயக்ககத்துக்கு. பெயர் போடாமல் மொட்டைக் கடுதாசி அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 2007 விதிகள்படி அதை எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். அது உங்களையும் காப்பாற்றாது, ஏனென்றால் பிற்பாடு நான் சொன்னேன் என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. புகாரோடு கிளையன்ட்டின் கணக்குகளை இணைக்காதீர்கள். ரத்தான தேதி, ஒவ்வொரு கையெழுத்தின் தேதி, யூடிஐஎன், அதில் இருக்கும் எண் யாருடையது, இது போதும். மற்றதை அவர்கள் கேட்டால் கொடுக்கலாம். அதற்கு முன்னால் மூன்றாவது பார்ட்னரிடம் சொல்லிவிடுங்கள், எழுத்தில். ஃபர்முக்குள்ளேயே இந்த மாதிரி குற்றச்சாட்டுகளைப் பயமில்லாமல் எழுப்ப ஒரு வழி இருக்க வேண்டும் என்று தரக்கட்டுப்பாட்டுக்கான நம் தரநிலையே சொல்கிறது. சின்ன ஆபீசில் அந்த வழி என்பது மற்ற பார்ட்னருக்கு ஒரு மெயில்தான்.

அண்ணாவோடு எனக்கு இப்போதும் பேச்சு இருக்கிறது. முன்பு போல இல்லை. அண்ணி தவறின பிறகு அவரே பிராக்டீசைக் குறைத்துக்கொண்டார், தீபாவளிக்குப் போவேன், காபி கொடுப்பார், தொழில் பேச மாட்டோம். அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரே ஒருமுறை பேசினார், "நீ வீட்டுக்கு வந்து கேட்டது நல்லது" என்று. ஆபீசில் வைத்துக் கேட்டிருந்தால் கோபப்பட்டு மறுத்திருப்பேன் என்றார். அதனால் உங்களுக்கும் அதையே சொல்கிறேன், முதல் பேச்சை அவர் வீட்டில் வையுங்கள், தனியாக, கையில் அந்தப் பட்டியலோடு.

அதற்கு முன்னால், இன்றைக்கே, udin.icai.org-ல் உங்கள் சொந்த லாகினில் போய், அவர் சிஓபி ரத்தான தேதியிலிருந்து உங்கள் பெயரில் உருவான யூடிஐஎன்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டதாக ஞாபகமில்லாத ஒன்று அதில் இருந்தால், நீங்கள் என்னிடம் கேட்ட கேள்வியே மாறிவிடும். அப்போது பாஸ்வேர்டை மாற்றிவிட்டு அந்தப் பட்டியலோடு மறுபடி எழுதுங்கள், கிளையன்ட் பெயர்களை மட்டும் அடித்துவிட்டு.